வருமானத்துக்கு ஏற்ற கட்டணம்: கையைக் கடிக்காமல் அமைப்பது எப்படி

தனியாக டியூஷன் எடுப்பவருக்கும், தனியாக ஆலோசனை அறை நடத்தும் கவுன்சலருக்கும் சீக்கிரமே ஒரு சிக்கல் வந்துவிடும். ஒரு குடும்பம் கட்டணத்தைக் கேட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் சரி என்கிறது. அடுத்த குடும்பம் தொகையைக் கேட்டதும் அமைதியாகிவிடுகிறது. அமைதியானவருக்கு வாய்வார்த்தையாகக் குறைத்துக் கொடுப்பீர்கள், பிறகு இன்னொருவருக்கும் குறைப்பீர்கள். ஆண்டு முடிவில் யாருக்கு என்ன கட்டணம், ஏன் அப்படி என்று உங்களுக்கே நினைவிருக்காது. வாரம் முழுக்க வேலை பார்த்தும் வாடகைக்குத் தட்டுப்பாடாகும்.

பலர் "யாருக்கு எவ்வளவு குறைக்கலாம்" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். "குறைந்த கட்டணத்தில் எத்தனை இடம் தர முடியும்" என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். இடங்களின் எண்ணிக்கை முடிவான பிறகு மற்றதெல்லாம் தாளில் எழுதும் வேலைதான்.

கீழே வரும் தொகை எதற்கும் பணத்தின் பெயர் இல்லை. முழுக் கட்டணம் 100 என்று வைத்திருக்கிறேன். உங்கள் முழுக் கட்டணம் எதுவோ அதை அந்த இடத்தில் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். வகுப்பு, ஆலோசனை இரண்டையும் சேர்த்து "அமர்வு" என்றே எழுதுகிறேன்.

1. ஓர் அமர்வுக்குச் சராசரியாக எவ்வளவு வர வேண்டும்?

முதலில் ஆண்டுச் செலவைக் கூட்டுங்கள். அறை வாடகை, புத்தகம், அச்சு, இணையம், பயிற்சி, கவுன்சலராக இருந்தால் மேற்பார்வையாளருக்குக் கொடுப்பது, காப்பீடு எல்லாம் இதில் அடங்கும். உதாரணத்துக்கு 19,000. வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியதும் வரியும் சேர்ந்து 44,360. ஆக மொத்தம் 63,360.

அடுத்து, காசு வரக்கூடிய அமர்வுகளை எண்ணுங்கள். வாரத்துக்கு 20 இடம் வைத்திருக்கிறீர்கள் என்றால் 52 வாரத்தால் பெருக்கிவிடாதீர்கள். விடுமுறை, காய்ச்சல், பண்டிகை, பயிற்சி நாள் எல்லாம் கழித்தால் 44 வாரம் மிஞ்சினாலே நல்லது. 20 × 44 = 880. இதிலும் காலியாகக் கிடக்கும் இடங்கள், முன்கூட்டியே ரத்தாகும் அமர்வுகள் என்று பத்தில் ஒன்று போய்விடும். மிஞ்சுவது 792.

63,360 ÷ 792 = 80. இதுதான் உங்கள் சராசரி. முழுக் கட்டணம் 100, சராசரித் தேவை 80. இடையிலுள்ள 20 மட்டுமே நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடிய பணம்.

இங்கே இன்னொரு கணக்கும் போட்டுவிடுங்கள். செலவு மட்டும் 19,000 ÷ 792, அதாவது சுமார் 24. ஓர் அமர்வை 24-க்குக் கீழே கொடுத்தால் உங்கள் உழைப்பு இலவசமாகப் போவதோடு கைக்காசையும் போடுகிறீர்கள். அப்படிக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள். ஆனால் அதை இந்தக் கட்டண அமைப்புக்குள் வைக்காமல், ஆண்டுக்கு ஓர் இடம் என்று தனியாக வையுங்கள்.

உங்கள் தகுதியில் உள்ள மற்றவர்கள் உங்கள் பகுதியில் வாங்குவதே 80-தான், உங்கள் தேவையும் 80 என்றால், நேர்மையாகச் சொல்ல வேண்டும்: உங்களிடம் குறைக்க இடமில்லை. முழுக் கட்டணத்தை 100 என்று உயர்த்தி எழுதிவிட்டு எல்லோருக்கும் 80-க்குக் கொடுப்பது வெறும் கண்துடைப்பு. அந்த நிலையில், தனி வகுப்பு கேட்கும் மூன்று பிள்ளைகளை ஒரே நேரத்தில் சேர்த்து உட்காரவைத்து ஆளுக்குக் குறைவாக வாங்குவதுதான் வழி.

2. படிகளையும் இடங்களையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

நான்கு கட்டணப் படி போதும். அதற்கு மேல் போனால் எல்லைக்கோட்டுச் சண்டைதான் கூடும். 20 இடங்களை இப்படிப் பிரிக்கலாம்:

- அ: 100 வீதம் 8 இடம்
- ஆ: 80 வீதம் 6 இடம்
- இ: 60 வீதம் 4 இடம்
- ஈ: 40 வீதம் 2 இடம்

வாரத்துக்கு 800 + 480 + 240 + 80 = 1,600. இருபதால் வகுத்தால் 80. கணக்கு சரியாக நிற்கிறது.

எப்படி நிற்கிறது என்று உற்றுப் பாருங்கள். அ படியில் எட்டுப் பேரும் தேவைக்கு மேல் ஆளுக்கு 20 தருகிறார்கள். அது 160. இ படியில் நான்கு பேருக்கு ஆளுக்கு 20 குறைகிறது, அது 80. ஈ படியில் இருவருக்கு ஆளுக்கு 40 குறைகிறது, அதுவும் 80. வந்தது 160, போனது 160. ஆ படி எந்தப் பக்கமும் சாயவில்லை. ஈ படியில் ஓர் இடம் கூட்டினால், அ படியில் இரண்டு இடம் கூடினால்தான் ஈடாகும்.

மனம் இளகி அ படியில் காலியான இரண்டு இடங்களை ஈ படிக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? வாரத்துக்கு 120 போகும், சராசரி 74-க்கு இறங்கும். 44 வாரத்துக்குப் பெருக்கி, பத்தில் ஒன்றைக் கழித்தால், ஆண்டுக்குச் சுமார் 4,750 இழப்பு. மொத்த வரவில் பார்த்தால் சின்னத் தொகைபோலத் தெரியும். ஆனால் வாடகையும் மற்றச் செலவும் ஒரு காசுகூடக் குறையாது. இழப்பு முழுவதும் வீட்டுக்குப் போகும் 44,360-இலிருந்துதான் போகும். அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். இப்படித்தான் பல நல்ல முயற்சிகள் இரண்டாம் ஆண்டில் நின்றுபோகின்றன.

இடம் காலியானால் பின்பற்ற வேண்டிய விதி எளிது. எந்தப் படியில் காலியானதோ அதே படியில் நிரப்புங்கள். அந்தப் படிக்கு ஆளே கிடைக்காமல் ஆறு வாரம் ஓடிவிட்டால் ஒரு படி கீழே இறக்கி நிரப்புங்கள், ஏனென்றால் காலி இடத்தின் வரவு பூஜ்யம். அதன் பிறகு வரும் முதல் காலியிடத்தை ஒரு படி மேலே நிரப்பிச் சரிக்கட்டுங்கள்.

ஈ படியின் இரண்டு இடங்களையும் புதிதாக வருபவர்களுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒன்றை ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் குடும்பங்களுக்காக ஒதுக்கி வையுங்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு பிள்ளையின் அப்பாவுக்கு வேலை போகலாம். பாதி வழியில் இருக்கும் ஒருவரின் ஆலோசனை பணமில்லாமல் நின்றுபோகலாம். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கொடுக்க உங்கள் கையில் ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு ஆ படிக் குடும்பத்தை வைத்திருந்தால், "இது அடுத்த பருவம் வரைதான் உறுதி" என்று முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

விரிதாளில் B பத்தியில் நான்கு கட்டணங்களையும் C பத்தியில் இப்போது நிரம்பியிருக்கும் இடங்களையும் எழுதி, இந்தச் சூத்திரத்தைப் போட்டால் சராசரி எப்போதும் கண்முன்னே நிற்கும்:

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/SUM(C2:C5)
```

யாருக்காவது "சரி, குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்வதற்கு முன்பு C பத்தியில் எண்ணை மாற்றிப் பாருங்கள். பிறகு பதில் சொல்லுங்கள்.

3. எந்தக் குடும்பம் எந்தப் படி?

மாத வருமானத்தை மட்டும் கேட்டால் தவறாகத்தான் முடியும். ஒரே சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிடும் வீடும் ஆறு பேர் சாப்பிடும் வீடும் ஒன்றல்ல. அதற்காகத் தலையை எண்ணி வகுத்தாலும் சரியாக வராது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வாடகையும் மின்கட்டணமும் இரட்டிப்பாவதில்லையே. இதற்குப் புள்ளியியலில் பழகிய ஓர் அளவு இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் திருத்திய அளவு என்பார்கள். முதல் பெரியவருக்கு 1, பதினான்கு வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5, பதினான்குக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3. இவற்றைக் கூட்டி, அந்த எண்ணால் வருமானத்தை வகுக்க வேண்டும்.

வரி போகக் கைக்கு வரும் மாத வருமானத்திலிருந்து, தவிர்க்கவே முடியாத பெரிய செலவை முதலில் கழியுங்கள். நீண்டகால மருத்துவம், மருத்துவக் கடன், வேலைக்குப் போவதற்காகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு ஆகியவை போதும். கார் தவணையும் வீட்டுக் கடனும் இதில் வேண்டாம். அவற்றைச் சேர்த்தால், பெரிய வீடு வாங்கியவருக்குக் குறைந்த கட்டணமும் வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூடுதல் கட்டணமும் வரும்.

வகுத்து வந்ததை 40-ஆல் மீண்டும் வகுத்தால் அமர்வுக் கட்டணம் வரும். ஏன் 40? மாதம் நான்கு அமர்வு, அதற்கு ஆகும் செலவு அந்த வகுத்த வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு. பத்தில் ஒன்று என்பது சட்டமல்ல, தொடங்குவதற்கான ஓர் எல்லை. வாரம் இரண்டு அமர்வு வரும் குடும்பத்துக்கு 80-ஆல் வகுங்கள்.

இரண்டு வீடுகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

முதல் வீடு: அப்பா, அம்மா, எட்டு வயதிலும் பதினோரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கைக்கு வருவது 7,000. பழைய அறுவைச் சிகிச்சைக் கடனுக்கு மாதம் 700. மீதி 6,300. வீட்டளவு 1 + 0.5 + 0.3 + 0.3 = 2.1. வகுத்தால் 3,000. அதை 40-ஆல் வகுத்தால் 75. அருகிலுள்ள படி ஆ, அதாவது 80.

இரண்டாவது வீடு: அம்மாவும் ஒன்பது வயது மகளும் மட்டும். கைக்கு வருவது 5,200. வீட்டளவு 1.3. அப்படியே வகுத்தால் 4,000, கட்டணம் 100 என்று வரும். குறைவாகச் சம்பாதிக்கும் வீடு கூடுதலாகக் கட்டுவதா என்று மனசு உறுத்தும். அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை மகளைப் பார்த்துக்கொள்ள மாதம் 800 ஆகிறது என்று கேட்டறிந்து கழித்தால் 4,400 ÷ 1.3 = 3,385 சுமார். நாற்பதால் வகுத்தால் 85. இந்த வீடும் ஆ படிதான். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் அந்த அம்மா மாதத்துக்கு 80 கூடுதலாகக் கட்டியிருப்பார், அல்லது வராமலே இருந்திருப்பார்.

இரண்டு படிக்கும் நட்டநடுவே விழுந்தால் கீழ்ப்படி. 30-க்கும் கீழே வந்தால் உங்கள் ஈ படிகூட அவர்களுக்குக் கனமானது என்று பொருள். அவர்களிடம் அமர்வின் எண்ணிக்கையைக் குறைப்பதைப் பற்றியோ, இலவசச் சேவை கிடைக்கும் இடத்தைப் பற்றியோ பேசுங்கள்.

தினக்கூலி, விவசாயம், கடை என்று ஏற்ற இறக்கமான வருமானம் உள்ளவர்களிடம் "மாதம் எவ்வளவு?" என்று கேட்டால் நல்ல மாதத்தைச் சொல்வார்கள், பலர் கௌரவத்துக்காகக் கூட்டியே சொல்வார்கள். "போன பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேட்டுப் பன்னிரண்டால் வகுங்கள். வேலை போனவருக்கு மட்டும் இப்போதைய மாதத்தைப் பாருங்கள்.

4. என்ன கேட்பது, என்ன கேட்கக் கூடாது

ஒரே பக்கத்தில் ஒரு தாள். அதில் ஆறு கேள்வி: வீட்டில் யார் யார், அவர்கள் வயது, கைக்கு வரும் வருமானம், மேலே சொன்ன கட்டாயச் செலவுகள், வருமானத்தில் தெரியாத வசதி, அதாவது வாடகை வரும் சொத்து, பெற்றோர் தரும் பணம், பெரிய சேமிப்பு ஏதும் உண்டா, தங்களுக்கு எந்தப் படி பொருந்தும் என்று அவர்களே நினைக்கிறார்கள்.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கணக்கில் வந்த படியும் அவர்கள் சொன்ன படியும் ஒன்றாக இருந்தால் பேச்சே தேவையில்லை. அவர்கள் மேல்படியைச் சொல்லியிருந்தால் கணக்கைக் காட்டி, கீழ்ப்படியும் அவர்களுக்கு உண்டு என்று சொல்லுங்கள். அவர்கள் கீழ்ப்படியைச் சொல்லியிருந்தால் "தாளில் வராத செலவு ஏதும் இருக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் அலுவலகம் அல்ல, சரிபார்க்கும் ஆளும் உங்களிடம் இல்லை. ஆவணம் கேட்டால் பொய் சொல்பவர் எப்படியும் கொண்டுவந்துவிடுவார், கூலி வேலை செய்பவரிடம்தான் காட்ட எதுவும் இருக்காது. ஆலோசனையில் இது இன்னும் கெடுதல். உள்ளத்தைத் திறந்து பேச வந்தவரிடம் முதல் நாளே நம்பாமல் ஆதாரம் கேட்டதாகிவிடும். ஏதாவது அமைப்பு உங்களுக்கு நிதி கொடுத்து ஆதாரம் கேட்டால் மட்டும், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நகல் எடுக்காதீர்கள். "பார்த்தேன், தேதி, படி" என்று மூன்று சொல் குறித்தால் போதும். தாளை மாணவர் கோப்பிலோ ஆலோசனைக் குறிப்பிலோ வைக்காமல் தனி உறையில் வையுங்கள்.

பணப்பேச்சை முதல் அமர்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில் 6.04-ஆம் விதியும் கட்டணத்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பேசி முடிக்கச் சொல்கிறது. மூன்று அமர்வு கழித்துக் கட்டணத்தைச் சொன்னால், விலக முடியாத நிலையில் ஒருவரிடம் பேரம் பேசுவதாகிவிடும்.

சொல்வதற்கு வார்த்தை வராமல் திணறுவீர்கள் என்றால், இப்படித் தொடங்கலாம்: "எங்கிட்ட நாலு கட்டணம் இருக்குங்க. இந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி நிதானமா நிரப்பிட்டு வாங்க. எந்தக் கட்டணத்துல வந்தாலும் நேரமும் பாடமும் ஒண்ணுதான்." பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது இதைப் பேசாதீர்கள். கட்டணச் சீட்டைப் பிள்ளையின் பையில் கொடுத்தனுப்பவும் வேண்டாம். சீட்டில் "சலுகை" என்ற சொல்லும் வேண்டாம், தொகை மட்டும் போதும்.

5. ஒப்பந்தத் தாளில் இருக்க வேண்டியவை

அரைப் பக்கம் போதும். எந்தப் படி, எவ்வளவு, எந்தத் தேதி முதல், மறுபார்வை எந்தத் தேதியில். ஆறு மாதம் நல்ல இடைவெளி. டியூஷன் என்றால் பருவத் தொடக்கம் பொருந்தும். மறுபார்வைத் தேதி எழுதாத ஒப்பந்தம்தான் இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை. வேலை கிடைத்துவிட்ட குடும்பம் மூன்று ஆண்டாக ஈ படியிலேயே இருக்கும், நீங்கள் கேட்கக் கூசுவீர்கள், வெளியே இன்னொரு பிள்ளை காத்திருக்கும். தேதி எழுதியிருந்தால் கேட்பது நீங்கள் அல்ல, தாள் கேட்கிறது.

மறுபார்வையில் மேலே ஏற்றுவதென்றால் ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும், நான்கு வாரம் முன்னறிவிப்போடு. கீழே இறக்குவதற்கு மறுபார்வை வரை காக்கவைக்காதீர்கள், இடம் இருந்தால் அடுத்த அமர்விலிருந்தே இறக்குங்கள்.

24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் கட்டணம் உண்டு என்ற விதி வைத்தால், அவரவர் படித் தொகையையே வாங்குங்கள். ஈ படியில் இருப்பவருக்கு ஒரு நாள் வராததற்காக 100 போட்டால், அவர் அடுத்த வாரமும் வரமாட்டார். பணம் கட்டும் நாளையும் குடும்பத்துக்குக் குடும்பம் மாற்றலாம். வாரக்கூலி வாங்குபவருக்கு மாதம் முதல் தேதி என்று வைத்தால் பாக்கி விழும், கூலி வாங்கும் மறுநாள் என்று வைத்தால் பெரும்பாலும் விழாது.

6. ஏற்கெனவே இருப்பவர்களை எப்படி மாற்றுவது

புது முறையை முதலில் புதிதாக வருபவர்களிடம் மட்டும் தொடங்குங்கள். பழைய குடும்பங்களுக்கு அடுத்த பருவம் முதல் என்று எட்டு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். நான்கு படிகளையும் எல்லோருக்கும் தெரியும்படி ஒரே தாளில் போடுங்கள். பெற்றோர்கள் வாசலில் காத்திருக்கும்போது பேசிக்கொள்வார்கள். ரகசியமாகக் குறைத்தது வெளியே தெரிந்தால் முழுக் கட்டணம் கட்டுபவர் ஏமாந்ததாக நினைப்பார். படிகளை எல்லோரும் பார்த்திருந்தால் அப்படி நினைக்க வாய்ப்பில்லை. அதற்காக அவரிடம் "உங்கள் பணத்தில்தான் இன்னொரு பிள்ளை படிக்கிறது" என்று சொல்லாதீர்கள். அவர் கட்டுவது அவர் பிள்ளையின் அமர்வுக்கு.

காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டும் இடங்களில் கவுன்சலர்கள் ஒரு வேலையை முன்கூட்டியே செய்ய வேண்டும். நோயாளர் தம் பங்காகக் கட்ட வேண்டிய தொகையைக் குறைக்க ஒப்பந்தம் இடம்கொடுக்கிறதா என்று படியுங்கள். காப்பீட்டுக்கு 100 என்று எழுதி, வந்தவரிடம் வேறு தொகை வாங்குவது மோசடியாகக் கருதப்படலாம். பணத்துக்குப் பதில் வேலையோ பொருளோ வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் கவுன்சலர்கள் தவிர்ப்பது நல்லது. உங்கள் வீட்டுக்கு வண்ணம் அடித்தவரிடம் அடுத்த நாள் அவருடைய துயரத்தைப் பற்றிப் பேச முடியாது.

7. மாதக் கடைசியில் பத்து நிமிடம்

மூன்று எண்களை எடுங்கள்: நடந்த அமர்வுகள், கட்டணம் போட்ட தொகை, கைக்கு வந்த தொகை. நான்கு வாரம் முழுதாக ஓடிய மாதத்தில், 80 இடத்தில் பத்தில் ஒன்று போக 72 அமர்வு, 5,760 வர வேண்டும்.

கட்டணம் போட்டதே 5,328 என்றால், 72-ஆல் வகுக்க 74 வரும். இடங்களின் கலவை கீழே சாய்ந்திருக்கிறது, அடுத்த காலியிடத்தை மேல்படியில் நிரப்ப வேண்டும். போட்டது 5,760, வந்தது 5,328 என்றால் கலவையில் குறையில்லை, யாரிடமோ பாக்கி நிற்கிறது. அந்தக் குடும்பத்தோடு பேசுங்கள். அவர்களுக்கு ஒரு படி இறங்க வேண்டியிருக்கலாம். சராசரி 80-லேயே நின்று மொத்தம் மட்டும் குறைந்தால், அமர்வுகள்தான் ரத்தாகின்றன. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் "இந்த மாதம் குறைவாக வந்தது" என்று எல்லோருக்கும் கட்டணத்தை ஏற்றிவிட்டால், முதலில் வெளியேறுவது இ, ஈ படிக் குடும்பங்கள்தான், காரணம் வேறெங்கோ இருக்கும்.

விலைவாசிக்காக ஆண்டுக்கொரு முறை ஏற்றுவதென்றால் முழுக் கட்டணத்தை ஏற்றி மற்றப் படிகளை அதே விகிதத்தில் மாற்றுங்கள். வருமானத்தை வகுக்கும் 40 மாறாது. புதுக் கட்டணம் புதியவர்களுக்கு உடனே, இருப்பவர்களுக்கு அவரவர் மறுபார்வைத் தேதியில்.